சுக்கானுக்குப் போதிய வேகம்

நெய்வேலி ஓடுதளத்திலிருந்து இரட்டை எஞ்சின் விமானம் மேலெழுந்ததும் இடது எஞ்சின் நின்றுபோனது. வலது எஞ்சின் மட்டும் இழுத்ததால் மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வலது பெடலை மிதித்து வால் சுக்கானைத் திருப்பினேன். பக்கத்திலிருந்த துணை விமானி, நின்ற எஞ்சினின் விசிறி இதழ்களைக் காற்றைத் தடுக்காதபடி திருப்பிவைத்தார்.

அதற்குள் வேகம் குறைந்து, வேகமானியின் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பெடல் அடிவரை போயும் மூக்கு இடப்பக்கமே நகர்ந்தது. எதிரே ஊழியர் குவார்ட்டர்ஸ் மரங்கள்.

"மேடம், மூக்கத் தூக்குங்க," என்றார் துணை விமானி.

"தூக்கினா வேகம் இன்னும் போயிடும். ரட்டர் பத்தாது."

ரட்டருக்கு, அதாவது அந்த வால் சுக்கானுக்கு, பலம் தருவது அதன்மேல் ஓடும் காற்றுதான். வேகம் குறைந்தால் அந்தப் பலமும் குறையும். வலது எஞ்சினின் இழுப்போ அந்த அளவுக்குக் குறையாது. கோட்டுக்குக் கீழே போனால் விமானம் கவிழ்ந்துவிடும்.

வலது எஞ்சினின் விசையைச் சற்றுக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தினேன். மரங்கள் நெருங்கின. வேகம் கூடியது, திரும்புவது நின்றது. மறுபடி முழு விசை கொடுத்து, வலது இறக்கையைக் கொஞ்சம் சாய்த்தேன். மரங்களுக்கு மேலே மெல்ல ஏறினோம்.

அகலமாக ஒரு வட்டமடித்து, அதே ஓடுதளத்தில் இறங்கினோம். வலது கால் மரத்துப் போயிருந்தது.

"ஓடுற எஞ்சினையும் குறைச்சப்ப, போச்சுன்னு நெனைச்சேங்க," என்றார் அவர்.

"எனக்கு அப்பதான் நம்பிக்கை வந்துச்சு," என்றேன்.