இன்னும் கால் சுற்று

அத்தான் மூடிய எதையும் அத்தான்தான் திறக்க வேண்டும். சர்க்கரை டப்பா, ஃப்ளாஸ்க், குளியலறைக் குழாய், அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப், எதுவானாலும் கடைசியில் ஒரு கால் சுற்று கூடுதலாக வைப்பார். வைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். வைத்து முடித்ததும் அழுத பிள்ளையைத் தூங்கப் போட்டவரைப் போல ஒரு பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகு அந்தப் பொருள் அக்காளுக்குச் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை.

பஸ் டிப்போவில் சக்கரம் மாட்டும் பிரிவில் அவருக்கு வேலை. அங்கே அவருக்குப் பெயர் ‘டைட்டு’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன்சக்கரம் ஒன்று கழன்று போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ் ஒரு வேலியில் சாய்ந்து நின்றது. சக்கரம் மட்டும் தன் போக்கில் போய் யாரோ ஒருவருடைய சோளக்காட்டுக்குள் படுத்துக்கொண்டது. அந்தச் சக்கரத்தை மாட்டியது அவர் இல்லை. ஆனால் தேடிப்போய் எடுத்து, ரோடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தது அவர்தான். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கால் சுற்று.

பஸ்ஸுக்கு அது நல்லதுதான். அவருடைய கை பட்ட பஸ்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். ஆனால் வீட்டில் பாதி பொருள் பிளாஸ்டிக்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கொஞ்ச நாள் தங்கிப் போகலாம் என்று அக்காள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. கேட்டின் போல்ட்டை முடுக்கியிருக்கிறார். அது எப்போதோ முடுக்கி முடிந்த போல்ட். ஸ்பேனர் நழுவியது, மனிதர் பின்னால் விழுந்தார், கையை ஊன்றினார். கேட் இன்றுவரை அசையவில்லை.

விளைவு, வீட்டில் எதுவும் திறக்கவில்லை. சர்க்கரைக்காக நானும் அக்காளும் ஒரு டப்பாவின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு கயிறு இழுக்கும் போட்டி நடத்தினோம். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, “சும்மா இழுத்தா வராது, திருகணும்” என்றார். அக்காள் அவரைப் பார்த்த பார்வைக்கு அந்த மாவுக்கட்டே விரிசல் விட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் அக்காளின் நாற்றுப்பண்ணை. பச்சை நிழல் வலை, கீழே கான்கிரீட் தரை, தரை நிறையத் தட்டுகள். தட்டுகளில் மிளகாயும் தக்காளியும். தரைக்கு அடியில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அதிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஒன்பது பிளாஸ்டிக் குழாய்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பித்தளை ஸ்பிரிங்க்லர் தலை, டக் டக்கென்று தட்டிக்கொண்டே சுற்றும். ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே வால்வு.

நடுவில் நின்ற தலை சுற்றுவதை நிறுத்திவிட்டது. உள்ளே ஸ்பிரிங் உடைந்துபோயிருந்தது. தண்ணீர் ஒரே திசையில் பீய்ச்சி அங்கிருந்த தட்டுகளில் மண்ணைத் தோண்டியது. மறுபக்கத்து மிளகாய் நாற்று காய்ந்து தலையைத் தொங்கப்போட்டது. அக்காள் பூவாளியோடு நடந்து நடந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். புதுத் தலை வாங்கி ஜன்னலில் வைத்தாயிற்று. பழையதைக் கழற்றி இதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். பழையதை மாட்டியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

“உன்னால முடியும் சின்னவளே” என்றார் அத்தான், ஸ்பேனரை இடது கையால் நீட்டி. “ஸ்பேனர் வாலில் ஒரு நீளமான பைப்பைச் சொருகு. ஒரே இழுப்பு.”

“ஒரே இழுப்புல என்ன வரும் தெரியுமா?” என்றாள் அக்காள். “குழாய் வரும். தரையோட ஒடிஞ்சு கையில வரும்.”

அவள் சொன்னது சரி. வெயிலில் கிடந்து கிடந்து அந்தக் குழாய் வெளுத்து, சுண்டினால் ஓடுபோல ஒலித்தது. தரையோடு ஒடிந்தால் மூடி போடக்கூட விரல் நீளம் மிஞ்சாது. கான்கிரீட்டை உடைத்துத்தான் கீழே உள்ள இணைப்பை மாற்ற வேண்டும். அதுவரை வால்வைத் திறக்க முடியாது, மற்ற எட்டுத் தலைகளுக்கும் தண்ணீர் இல்லை. அந்த வெயிலில் நாற்று ஒரு பகல் தாங்கும். இரண்டாவது பகல் தாங்காது. அந்தப் பருவத்தின் உழைப்பு முழுவதும் அந்தத் தரையில் கிடந்தது.

வால்வை மூடினோம். அக்காள் மார்க்கர் பேனாவை எடுத்து வந்து, தலையின் கழுத்தில் தொடங்கி, அது திருகி நிற்கும் பிளாஸ்டிக் சாக்கெட், குழாய் என்று தரை வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டாள்.

“இது எதுக்கு?” என்றேன்.

“எது திரும்புதுன்னு தெரியறதுக்கு. பித்தளைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல கோடு வெட்டுப்பட்டா கழலுதுன்னு அர்த்தம். குழாய் மேல கோடு சாஞ்சா நாம செத்தோம்னு அர்த்தம்.”

தலையின் அடியில் இருந்த ஆறுபட்டையில் ஸ்பேனரை மாட்டி மெதுவாக இடதுபக்கம் இழுத்தேன். பித்தளை நகர்ந்தது! எனக்கு ஒரே சந்தோஷம். கோட்டைப் பார்த்தேன். குழாயின் மேல் அது கொடிபோல வளைந்து ஏறியிருந்தது.

“விடுடீ!” அக்காள் கத்தினாள். விட்டேன். குழாய் திரும்பித் தன் நிலைக்கு வந்தது. கோடு நேரானது. மூவரும் மூச்சு விட்டோம்.

“இன்னும் கொஞ்சம் போயிருந்தா வந்திருக்கும்” என்றார் அத்தான்.

“வந்திருக்கும்” என்றாள் அக்காள். “கொத்தனார் வந்திருப்பார்.”

அடுத்தது வினிகர். கடினத் தண்ணீர் ஆகையால் திருகு மரையின் வாயில் உப்பு சுண்ணாம்புபோலப் படிந்திருந்தது. துணியில் வினிகரை நனைத்துச் சுற்றிவைத்தால் உப்பு இளகும். அக்காள் சமையலறைக்குப் போனாள். நேரம் போனது. உள்ளே ஏதோ இடித்தது. பிறகு வினிகர் பாட்டிலோடு வாசலில் வந்து நின்றாள், முகம் சிவந்து.

“இதையும் நீங்கதானே மூடினீங்க?”

“வாசனை போயிடக் கூடாதுன்னு...”

“வினிகருக்கு என்னங்க வாசனை போகுறது!”

கடைசியில் மூடியில் கத்தியால் ஓட்டை போட்டோம். துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை கட்டி, ஊற விட்டோம். அந்த நேரம் முழுக்க அவர் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். எண்ணெய் விடலாமே, லேசாகத் தீ காட்டலாமே, சுத்தியலால் ஒரு தட்டு தட்டலாமே. “பிளாஸ்டிக்குங்க, பிளாஸ்டிக்கு!” என்று அக்காள் ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். எனக்கு அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு எந்த பஸ்ஸிலாவது ஏறிவிடலாம் போலிருந்தது. சக்கரம் இறுக்கமாக இல்லாத பஸ்ஸானாலும் பரவாயில்லை.

துணியை அவிழ்த்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தபோது உப்பு மாவாக உதிர்ந்தது. இனி சாக்கெட்டைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரும்பு ரெஞ்ச் போட்டால் பிளாஸ்டிக்கைக் கடித்து நொறுக்கிவிடும். சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி, சாக்கெட்டைச் சுற்றி இறுக்கி, அதன் வாலை ஒரு விளக்குமாற்றுக் கட்டையில் கட்டினோம். கட்டையை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தால் சாக்கெட் நகராது.

நான் ஸ்பேனர். அக்காள் வெந்நீர், ஏனென்றால் சாக்கெட்டைச் சூடாக்கினால் பிளாஸ்டிக் பித்தளையைவிட அதிகமாக விரிந்து கொடுக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழாயே இளகிப்போகும். விரல் ஒரு நொடி பொறுக்கிற சூடு, அதுவும் சாக்கெட்டில் சுற்றிய துணியில் மட்டும். இந்த அளவெல்லாம் அவளுடைய கைக்குத்தான் தெரியும்.

கட்டையைப் பிடிக்க ஆள் இல்லை.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

“இடது கைதான் இருக்கு” என்றார்.

“இழுக்க வேணாம், முடுக்க வேணாம்” என்றாள் அக்காள். “அசையாம பிடிங்க. அது மட்டும்தான். முடியுமா உங்களால?”

அவர் மண்டியிட்டார். இடது கையில் கட்டை. மாவுக்கட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த வலது கை விரல் நுனிகளை, அவராகவே, சாக்கெட்டுக்குக் கீழே குழாயின் மேல் வைத்துக்கொண்டார்.

அக்காள் துணியில் வெந்நீரை ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்து, “ம்” என்றாள். இழுத்தேன். ஒன்றும் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன்.

“நிறுத்து” என்றார் அத்தான்.

நான் நிமிர்ந்தேன். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

“குழாய் முறுக்கிக்குது. விரலுக்குத் தெரியுது” என்றார். குரல் இறங்கியிருந்தது. “கட்டை வழுக்கிடுச்சு. டியூப்பை இன்னொரு சுத்து சுத்துங்க.”

கோட்டைப் பார்த்தோம். கண்ணுக்கு அது நேராகத்தான் தெரிந்தது. அக்காள் டியூப்பை அவிழ்த்துச் சாக்கெட்டைத் துடைத்து, இன்னொரு சுற்று கூட்டிக் கட்டினாள். மறுபடி வெந்நீர். மறுபடி ஸ்பேனர்.

“மெதுவா... மெதுவா... நிறுத்து. இப்ப போ. குழாய் சும்மா இருக்கு. போ.”

‘கிர்ர்’ என்று உப்பு அரைபடும் சத்தம். கழுத்தில் இருந்த கோடு ஒரு மயிரிழை வெட்டுப்பட்டது. பிறகு ஒரு நெல் அகலம். பிறகு தலை வெண்ணெய்போலச் சுழன்று என் கையோடு வந்துவிட்டது. குழாய் அங்கேயே நின்றது, முழுசாக. அக்காள் அதை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். சாக்கெட்டின் உள்ளே விரலை விட்டு விரிசல் உண்டா என்று பார்த்தாள். இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பழைய மரையில், கசியாமல் இருக்கச் சுற்றும் வெள்ளை டேப் ஒரு கொழுக்கட்டை பருமனுக்குச் சுற்றியிருந்தது.

“ஒரு ரோலை முழுசா சுத்தியிருக்கீங்க” என்றேன்.

“இல்ல, கொஞ்சம் மீதி வச்சிருந்தேன்.”

புதுத் தலைக்கு அக்காளே அளவாக டேப் சுற்றினாள். கையாலேயே திருகினாள். கை நின்ற இடத்தில் ஸ்பேனரால் லேசாக ஒரு தள்ளு, அவ்வளவுதான். இதற்குள் அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விரல் நுனியால் குழாயைப் படித்த மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

“இன்னும் கால் சுத்து.”

“வேணாம்.”

“கழண்டு பறந்துச்சுன்னா?”

“பறந்தா நீங்க போய் உருட்டிட்டு வாங்க” என்று சொல்லி, அக்காள் ஸ்பேனரை என்னிடம் கொடுத்தாள். “இதை எங்கயாவது ஒளிச்சு வை. ஊரெல்லாம் சுத்தினவளுக்கு ஒரு இடம் தெரியாமலா இருக்கும்.”

வால்வைத் திறந்தாள். முதலில் காற்று இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. ஒன்பது தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக டக் டக்கென்று சுற்றத் தொடங்கின. காய்ந்து கிடந்த மிளகாய்ப் பக்கத்தில் சாரல் மறுபடி விழுந்தது. அக்காள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அன்று முழுவதும் அப்படி அமைதியாகப் பார்க்கவில்லை.

அவளுடைய அமைதி கலைய நேரமாகவில்லை. அத்தான் சாரலுக்குள் நடந்துபோய், புதுத் தலையின் கழுத்தில் முகத்தை வைத்து, சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் நின்று, கசிவு இருக்கிறதா என்று.

“கட்டு நனையுதுங்க! கட்டு!”

இழுத்து வந்து துடைத்தோம். மாவுக்கட்டின் ஓரம் ஏற்கெனவே கஞ்சியாகியிருந்தது. அக்காள் ஒரு பிளாஸ்டிக் பையை அவருடைய கையில் மாட்டி, முழங்கைக்குக் கீழே மீதமிருந்த சைக்கிள் டியூப்பால் கட்டினாள்.

“ஏய், வலிக்குது, வலிக்குது. இறுக்காதே!”

“பொறுங்க” என்றாள் அக்காள், உதட்டைக் கடித்துக்கொண்டு. “இன்னும் கால் சுத்து.”