7/8/2006

அந்தக் கடிதங்களை அச்சடித்தது நான்தான். காஞ்சிபுரத்தில் ஒரு டிரஸ்ட் நடத்திய கண் ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபீஸ் வேலை. பிள்ளையார்பாளையம் கேம்பில் கண் பிரஷர் அதிகமென்று தெரிந்தவர்களை ஆபரேஷனுக்கு வரச்சொல்லும் கடிதங்கள். பெயர், பிரஷர், தேதி மூன்றும் எக்செல்லில் இருக்கும். மெயில் மெர்ஜ் போட்டால் ஆளுக்கொரு கடிதம் வரும்.

பழைய கம்ப்யூட்டரில், எக்செல்லில் பார்ப்பது அப்படியே கடிதத்தில் வரும். புதிதாக வாங்கியதில் அப்படி வரவில்லை. மூன்று முறை பார்த்த பிரஷரின் சராசரி எக்செல்லில் 27.7. கடிதத்தில் 27.666666666666668.

மேனேஜர் தாளைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, இது கண் பிரஷரா, போன் நம்பரா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானம். யார் யாரையோ கேட்டு, பிரஷர் வரும் இடத்தில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதும் என்று குறியீடு சேர்த்தேன். திரையில் முதல் கடிதத்தைப் பார்த்தேன். 27.7. தேதி 7/7/2006. சரி என்று எல்லாவற்றையும் அச்சடித்து அனுப்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஜூலை ஏழும் எட்டும் வந்தார். ஏழாம் தேதிக்காரர்கள் வந்தார்கள். எட்டாம் தேதி ஆறு பேரில் ஒருவரும் வரவில்லை. மேனேஜர், "கத்தின்னா பயம்பா இவங்களுக்கு" என்றார். நானும் தலையாட்டினேன். ஆறு பெயருக்கும் நேராக 'வரவில்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். ஒருவர் வீட்டுக்கும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. நடந்து போகிற தூரம்தான்.

ஆகஸ்ட் ஏழாம் தேதி காலையில் அந்த ஆறு பேரில் ஒரு நெசவாளர் வந்தார். ஒரு கண் முன்பே போனவர். மனைவி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"இன்னாமா, டாக்டர் இன்னிக்கு இல்லையாமே? ஏழாந்தேதின்னு நீங்கதானே போட்டிருக்கீங்க" என்று கடிதத்தை நீட்டினார்.

7/8/2006. பிரஷருக்குச் சேர்த்ததுபோல் தேதிக்கு நான் குறியீடு எதுவும் சேர்க்கவில்லை. எக்செல்லில் 08-07-2006 என்று இருந்ததை, மாதத்தை முன்னால் போட்டு அமெரிக்காக்காரன் எழுதுவதுபோல் புதுக் கம்ப்யூட்டர் அச்சடித்திருக்கிறது. நான் பார்த்த முதல் கடிதத்தில் ஏழாம் மாதம் ஏழாம் தேதி. எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான்.

"முன்னாடியே வந்திருக்கலாமே" என்றேன். வெட்கமில்லாமல் கேட்டேன்.

"இழை தெரியாம தறிய விட்டு மூணு வாரம் ஆவுது. வர்லாம்னுதான் சொன்னேன். தேதிக்கு முன்னாடி போனா திட்டுவாங்கன்னு இதுதான் தடுத்துச்சு" என்று மனைவி பக்கம் கையைக் காட்டினார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் தினமும் இருக்கும் டாக்டர் பார்த்தார். வெளிச்சம் தெரிகிறது, கை ஆட்டினால் தெரிகிறது. அவ்வளவுதான் மிச்சம். இனி ஆபரேஷன் செய்தாலும் போன பார்வை திரும்பாது என்றார்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரிஜிஸ்டர் அப்படியே இருக்கட்டும். அந்த லெட்டர வாங்கிடு."

போய்க் கேட்டேன். வைத்தியத்துக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, அவர் அதை மடியில் வைத்துத் தடவி நீவி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன்.