தேநீர் வேளையில் மாறிய நாள்

அனலைதீவின் சார்பில் குடிநீர்க் குழுவில் நான் உறுப்பினன். கூட்டம் ஊர்காவற்றுறை அலுவலகத்தில் நடைபெறும். தீவார் நாங்கள் கைப்பேசி வழியே கலந்துகொள்வோம். அதற்கென விதிகளும் வகுத்திருந்தோம். குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும். பேசுபவர் கமராவைத் திறக்க வேண்டும். சிக்னல் மெலிந்தால் குரல் மட்டும் போதும். செயலாளர் குறிப்பெடுத்து, முடிவுகளை இறுதியில் வாசித்து, மறுநாள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும்.

ஒருமுறை, தண்ணீர்ப் படகு செவ்வாயன்று வரும் எனத் தீர்மானித்து, வாசித்து, இணைப்பைத் துண்டித்தனர். குறிப்பும் அவ்வாறே வந்தது. செவ்வாய் முழுவதும் எங்கள் அயலவர் வெறுங்குடங்களுடன் இறங்குதுறை வெயிலில் நின்றனர். படகு வரவேயில்லை.

செயலாளரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டேன்.

“அண்ணை, அதை வியாழனுக்கு மாத்தினனாங்கள். தேத்தண்ணி குடிக்கேக்க கதைச்சது.”

“எங்களுக்கு ஆர் சொன்னது?”

“கூட்டம் முடிஞ்சுதுதானே, அதாலை குறிப்பிலை போடேல்லை.”

அடுத்த கூட்டத்தில் புதிய விதியொன்று கோரினேன்: இணைப்பைத் துண்டித்தபின் எதையும் மாற்றலாகாது, தவிர்க்க முடியாது மாற்றினால், செயலாளர் அன்றே எங்களுக்கு அறிவிக்க வேண்டும். எல்லோரும் “ஓம், ஓம்” என்றனர். முடிவுகள் வாசிக்கப்பட்டன. தேநீர் வந்தது. செயலாளரின் கை கணினியை மூட நீண்டது.

“பொறும், மூடாதேயும். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. கதையை நாங்களும் கேக்கிறம்.”

அன்று அவர்கள் ஒரு சொல்லும் பேசாது குடித்து முடித்தனர். படகும் சொன்ன நாளில் வந்தது. இவ்வளவு எளிய காரியத்துக்கு எங்கள் சனம் ஒரு பகல் வெயிலில் நிற்க நேர்ந்ததே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை.