நடுவிரலுக்கு எத்தனை சதவீதம்

இக்னேஷியஸுக்கு இருந்தது ஒரே ஆசை. இனி தகடு வெட்டும் பவர் பிரஸ் முன்னால் நிற்கக்கூடாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எட்டு பேர் வேலை பார்க்கும் ஷெட்டில் நானும் அவனும் தொழிலாளிகள். 1992இல் அந்தப் பிரஸ் அவன் வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணுவை எடுத்துக்கொண்டது. நடுவிரல் தப்பியது, ஆனால் கட்டையாய் விறைத்துப்போனது. பக்கத்து ஊரான பாடியில் ஒரு டீக்கடை கைமாற இருந்தது. விபத்து பாலிசிப் பணம் வந்தால் அதை எடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

அரசு ஆஸ்பத்திரி சான்றிதழில் இருபத்தைந்து சதவீத ஊனம் என்று எழுதியிருந்தது. பாலிசி ஒரு லட்சம். "இருபத்தஞ்சாயிரம்டா!" என்று ஷெட்டே கேட்கக் கத்தியவன் நான்தான். பத்தாவது படித்த திமிர்.

இன்சூரன்ஸ் ஆபீசில் லோகநாயகி மேடம் சான்றிதழைப் படித்துவிட்டு, பாலிசியின் பின்பக்கத்தைத் திருப்பினார்.

"அது மொத்தக் கைக்கு டாக்டர் போட்ட கணக்குங்க. நாங்க இந்தப் பட்டியல்படிதான் தருவோம். ஆள்காட்டி விரல்ல ரெண்டு கணு போனா எட்டு. நடுவிரல் அடியோட உபயோகமில்லைன்னா ஆறு. கொஞ்சம் வேலை செஞ்சா, எங்க டாக்டர் பாத்துச் சொல்ற சதவீதம்."

இக்னேஷியஸ் "சரிங்க" என்று எழுந்துகொண்டான். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம்போல இருந்திருக்கும்.

எட்டும் ஆறும் பதினாலு. நான் பாடிக்குப் போய்க் கெஞ்சினேன். கடைக்காரர் விலையைக் குறைத்து, பதினாலாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார்.

பூந்தமல்லியில் இருந்த இன்சூரன்ஸ் டாக்டரிடம் போகும் பஸ்ஸில் அவன் காதோரம் சொன்னேன்: "விரலை மடக்கிக்கினு நிக்காதே. சும்மா நீட்டிக்கினு இரு." சொன்னது தப்புதான். இன்றைக்கும் எனக்கு அதில் வெட்கமில்லை.

"சரி அண்ணாத்தே" என்றான்.

டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார். "மடக்க வருதா?"

நான்கு மாதமாக அவன் மனைவி சகாயமேரி தினமும் வெந்நீரில் கையை வைத்து, ஈரத்துணியைப் பிழியச் சொல்லிப் பழக்கியிருந்தாள். அவன் விரலையே பார்த்தான். பிறகு மடக்கினான். பாதி வரை வந்தது. இன்னும் கொஞ்சம் வரும் என்பதுபோல மறுபடி முயன்றான்.

டாக்டர் நடுவிரலுக்கு இரண்டு சதவீதம் எழுதினார்.

வெளியே வந்ததும் வெடித்தேன். "இன்னாத்துக்குடா மடக்குனே?"

"மடங்குது, அண்ணாத்தே" என்றான். அவ்வளவுதான். முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

பத்தாயிரம் வந்தது. கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவன் பிரஸ் முன்னால் நின்றான். நடுவிரலால் தகட்டை அணைத்து உள்ளே தள்ளினான். முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அட, கை சரியாயிடுச்சே!" என்றார்.