முப்பத்தொன்றாம் நிமிடத்துக் கேள்வி

கட்டடக்கலைக் கல்லூரியின் இறுதியாண்டு வகுப்பில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது, அவளுக்கு நாற்பத்தொன்று. பதினாறு வருடம் ஓர் அலுவலகத்தில் அடுத்தவர்கள் யோசித்ததை வரைந்து கொடுத்துவிட்டு, அம்மாவும் போன பிறகு, இனி யாரைக் கேட்க வேண்டும் என்று வேலையை விட்டுப் படிக்க வந்தவள். அக்கா என்று கூப்பிட்டவர்கள் யாரும் அவளை டீ குடிக்கக் கூப்பிட்டதில்லை. வேண்டுமென்று செய்தது இல்லை. அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஜூரி நாளில் இது உறைத்தது. மாணவர் தன் வரைபடங்களைச் சுவரில் ஒட்டி விளக்குவார், வந்திருக்கும் ஜூரிக்காரர்கள் குறை சொல்வார்கள், அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தோழியோ தோழனோ பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வார்கள். விளக்குபவருக்கு அந்த நேரத்துப் பதற்றத்தில் எதுவும் காதில் ஏறாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவளுக்குக் குறிக்க ஆளில்லை. போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேஜையில் வைத்தாள்.

அவள் வடிவமைத்திருந்தது ஒரு டயாலிசிஸ் நிலையம். ஜூரியில் மூன்று பேர்: நரைத்த தலைக் கட்டடக் கலைஞர் ஒருவர், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், டயாலிசிஸ் வார்டைப் பல வருடம் பார்த்துக்கொண்ட தலைமை நர்ஸ் ஒருவர். ஐம்பத்திரண்டு நிமிடம். வெளியே வந்தபோது அவள் மனதில் நின்றது ஒரே வாக்கியம்தான். "இதை முழுசா மாத்திடுங்க." நரைத்தலை சொன்னது.

"திங்கட்கிழமை எனக்குத் திருத்தப் பட்டியல் வேணும்," என்றார் வழிகாட்டிப் பேராசிரியை. "ஒரு பக்கம் போதும். ஒரு வரிக்கு ஒரு வேலை. யார் சொன்னது, எந்த ஷீட்ல மாத்தணும், ரெண்டும் இருக்கணும். அதுவரைக்கும் எதையும் வரையாதீங்க."

சனிக்கிழமை காலை தன் ஒற்றை அறையில் உட்கார்ந்து பதிவைப் போட்டாள். போடுவதற்கு முன் துணி துவைத்தாள், அடுப்பைத் துடைத்தாள், ஏற்கெனவே மடித்திருந்த போர்வையை மறுபடி மடித்தாள். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதா, படிப்பையே விட்டுவிடுவதா என்பதுதான் இரண்டு நாளாக அவளுக்குள் ஓடிய கணக்கு.

முதலில் காதில் விழுந்தது அவளுடைய குரல்தான். ஒவ்வொருவரும் வாய் திறப்பதற்குள் "இல்ல சார், அது எதுக்குன்னா" என்று ஆரம்பித்துவிடுகிற குரல். பதினெட்டாம் நிமிடத்தில் அந்த வாக்கியம் வந்தது. நிறுத்தி, பின்னால் ஓட்டிக் கேட்டாள். "இந்தச் செக்‌ஷன்ல வெட்டுற சுவரும் பின்னாடி தெரியற சுவரும் ஒரே தடிமன் கோடா இருக்கு, படிக்கவே முடியல. இதை முழுசா மாத்திடுங்க. பிளான் தேறும்."

கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் அந்த ஒரு ஷீட்டை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறார். பிளான் தேறும் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தது ஒரு ஷீட்டின் கோட்டுத் தடிமனுக்காக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலவும் இருந்தது. போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, மறுபடி பதிவைப் போட்டாள்.

மதியத்துக்குள் இருபத்துமூன்று வரி சேர்ந்தன. ஒன்றையே மூன்று விதமாகச் சொன்னதை ஒன்றாக்கினாள். பாராட்டை எடுத்தாள். "யோசிச்சுப் பாருங்க" என்றதைக் கட்டாயத்தில் சேர்க்காமல் யோசனை என்று தனியே வைத்தாள். ஒன்பது வரி மிஞ்சின. தூண்களின் இடைவெளி கட்டில்களின் வரிசையோடு ஒத்துப்போகவில்லை, நீர் சுத்திகரிப்பு அறையை மாடியிலிருந்து இறக்க வேண்டும், தொட்டிகளின் பாரம் அதிகம். இவை பொறியாளர் சொன்னவை. கட்டில் கூடத்து வாசலில் நுழைந்ததும் தோட்டம் தெரியும்படி நர்ஸ் மேஜையை ஓரமாகத் தள்ளலாம். இது நரைத்தலையின் யோசனை.

யார் சொன்னது என்ற கட்டங்களை நிரப்பி முடித்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒன்பதில் ஒன்றுகூட நர்ஸ் சொன்னது அல்ல. அந்தம்மா பேசவே இல்லையா? மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார், குரலும் சின்னது. ஹெட்போனை மாட்டி, ஒலியை ஏற்றி, ஐம்பத்திரண்டு நிமிடத்தையும் மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

முப்பத்தொன்றாம் நிமிடத்தில், ஒரு நாற்காலி இழுபடும் சத்தத்துக்கு அடியில், இருந்தது. "தனியா வர்றவங்க முடிஞ்சதும் எங்க உக்காருவாங்க?" மேலே அவள் குரல், வெடுக்கென்று: "அது அடுத்த ஷீட்ல காட்டிருக்கேன் மேடம்." அதற்குப் பிறகு நரைத்தலை வேறு எதையோ தொடங்கிவிட்டார்.

அடுத்த ஷீட்டில் அப்படி எதுவும் இல்லை. அவளுக்குத் தெரியும். காத்திருப்புக் கூடத்தில் நான்கு நான்கு நாற்காலிகளாக, குடும்பம் குடும்பமாக உட்காரத்தான் வரைந்திருந்தாள். தனி ஆளுக்கு என்று ஓர் இடம்கூட இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

வாராவாரம் பேசுகிற தங்கை கூப்பிட்டாள். "என்னக்கா, குரலே சரியில்ல?"

"ஒரு பொய் சொல்லிருக்கேன்டி. இப்பத்தான் கேட்டேன்."

"யார்கிட்ட?"

"ஒரு நர்ஸ்கிட்ட."

தங்கைக்குப் புரியவில்லை. குழந்தை அழும் சத்தம் கேட்டது. "அப்புறம் பேசறேன்க்கா, சாப்பிடு," என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை, பட்டியலின் முதல் வரியாக அந்தக் கேள்வி இருந்தது. பேராசிரியை பேனாவால் அதைத் தட்டினார். "இது திருத்தம் இல்லையே, கேள்விதானே?"

"ஆமா மேடம். பதில் சொல்லாம விட்டுட்டேன். இதை எடுத்துக்கிட்டு, தனியா வர்றவங்களை நர்ஸ் கண்ணுல படற மாதிரி உக்கார வச்சா, நர்ஸ் மேஜையைத் தள்ளலாம்னு சார் சொன்னதோட முட்டும்னு தோணுது. அதான் ரெண்டையும் அப்படியே வச்சிருக்கேன்."

பேராசிரியை நர்ஸின் போன் எண்ணை எழுதிக் கொடுத்தார். "அவங்களையே கேட்டுடுங்க. என்ன நெனச்சுக் கேட்டாங்கன்னு நாம ஊகிக்க வேணாம்."

மாடிப்படியில் நின்று போன் செய்தாள். "சிஸ்டர், வியாழக்கிழமை நீங்க ஒண்ணு கேட்டீங்க. நான் பேச விடல. அடுத்த ஷீட்ல இருக்குன்னு சொன்னேன். இல்ல."

"அப்படியா? நான் கேட்டது எனக்கே ஞாபகம் இல்லியே," என்றார் நர்ஸ். பிறகு, மெதுவாக, "நாலு மணி நேரம் மெஷின்ல இருந்துட்டு எழுந்தா சிலருக்கு ரத்த அழுத்தம் சடார்னு இறங்கிடும். கூட ஆள் இருந்தா பிடிச்சுக்குவாங்க. தனியா வர்றவங்க எங்களுக்குத் தொந்தரவுன்னு எழுந்து போயிடுவாங்க. ஒருத்தர் வாசல் கேட்டுக்கு வெளிய விழுந்துட்டார். எங்க மேஜையில இருந்து பாத்தா தெரியற எடத்துல நாலு சேர் இருந்தா, கொஞ்சம் இருந்துட்டுப் போங்கன்னு சொல்லலாம். அவ்வளவுதான்மா."

அதைக் கேட்ட பேராசிரியை மேஜை யோசனையை அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதச் சொன்னார். அவள் கட்டில் கூடத்துக்கு உள்ளேயே, நர்ஸ் மேஜைக்கு நேர் எதிரில், கைப்பிடியுள்ள நான்கு தனி நாற்காலிகளை ஜன்னலைப் பார்த்தபடி இருக்குமாறு வரைந்தாள். தூண்களை நகர்த்தினாள், தொட்டிகளைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்தாள், செக்‌ஷனைப் புதிதாக வரைந்தாள். மூன்று வாரம் ஆனது.

இறுதி ஜூரிக்கு நர்ஸ் வரவில்லை. அன்று அவருக்கு வார்டில் வேலை. நரைத்தலை செக்‌ஷனைப் பார்த்துத் தலையாட்டினார். "மேஜையை நகர்த்தலையே?" என்றார். அவள் காரணம் சொன்னாள். இந்த முறை அவர் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். "சரிதான்," என்று அடுத்த ஷீட்டுக்குப் போனார். நான்கு நாற்காலிகளைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதிப்பெண் சுமாருக்குக் கொஞ்சம் மேல். ஷீட்டுகளைச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்து நிற்க வேண்டிய பெண் வெறுங்கையோடு சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளுக்குக் குறிக்க வேண்டியவள் இன்னும் வந்து சேரவில்லை.

"நான் எழுதறேன், போ," என்றாள் இவள்.

நாற்பது நிமிடம், மூன்று பக்கம். முடிந்ததும் அந்தப் பெண் தாள்களை வாங்கி, "தேங்க்ஸ்க்கா," என்று சொல்லிவிட்டுப் படிகளில் காத்திருந்த தோழிகளிடம் ஓடினாள். இவள் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.