சொன்ன நாளில் வந்த ஒஸ்டின்

திருகோணமலைப் பஸ் நிலையத்தடியில் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டும் சோமசேகரம் எந்தக் கராஜையும் நல்லதென்று சொன்னதில்லை. ஒருவன் சொன்னதைவிட இரண்டு மடங்கு கேட்டான், இன்னொருவன் பழைய சாமானைக் கழுவிப் புதிதென்று பூட்டினான், நாளைக்கென்றவன் மாதத்தைக் கடத்தினான் என்று வாய் ஓயாமல் திட்டுவார்.

கண் மங்கிவிட்டதால் தன் ஒஸ்டின் காரை விற்க வேண்டியதாயிற்று. வழுக்கும் கிளட்சைத் திருத்தித் தந்தால் எடுப்பதாகக் கிண்ணியா வியாபாரி ஒருவர் சொன்னார். கார் ஜமால்தீனின் கராஜுக்குப் போனது. இந்த ஒருமுறை மட்டும் வேலை இழுபடட்டும் என்று சோமசேகரம் உள்ளுக்குள் நினைத்தார்.

வியாழன் தருவதாகச் சொன்ன ஜமால்தீன் வியாழனே முடித்திருந்தான். முதலில் சொன்ன தொகையில் ஒரு சதம் கூடவில்லை.

“அண்ணை, புதுக் கிளட்ச் தட்டு கொழும்பிலயும் இல்லை. பழைய தட்டில தேஞ்ச லைனிங் பட்டையைக் கழட்டிப் புதுசு அடிச்சிருக்கிறன். தட்டே புதுசெண்டு பொய் சொல்ல ஏலாது,” என்றவன், கழற்றிய லைனிங்கைச் சோமசேகரத்தின் கையில் கொடுத்தான்.

அங்கே வந்திருந்த வியாபாரி காசைக் கொடுத்து, கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு காரோடு புறப்பட்டார். சோமசேகரத்துக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நடந்தே பஸ் நிலையத்தடிக்கு வந்தார்.

“கராஜ் எப்படி அண்ணை?” என்று கேட்ட மற்றச் சாரதிகள், வழக்கமான வசவுக்குக் காத்திருந்தார்கள்.

“கணக்குப் பிசகேல்லை. சாமானில கள்ளம் இல்லை. சொன்ன நாளுக்கே தந்தவன்.”

“அப்ப நல்ல கராஜ்தானே?”

“ஓம்,” என்றார், தேய்ந்த லைனிங்கை விரலால் தடவியபடி. “நீங்க கொண்டு போங்கோ. எனக்கு இனி அங்க அலுவல் இல்லை.”