குவாக் டைரக்டரின் காலியான மெயில் பெட்டி

சாங்வோனில் எங்கள் பல்சக்கரத் தொழிற்சாலையில், கோப்புகளை மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு போய் முத்திரை வாங்கி வரும் வேலைக்குத்தான் பியோ மிரான் முதலில் சேர்ந்தாள். கோப்புகள் கணினிக்குள் போனபோது அவளும் கூடவே போனாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சோதனைக் கணக்கில் ஓர் அமைப்பை மாற்றுவாள், என்ன ஆகிறது என்று பார்ப்பாள், திருப்பி வைப்பாள், மறுபடி மாற்றுவாள். கம்பெனியின் ஒப்புதல் முறை முழுவதும் இப்போது அவள் பொறுப்பு.

அந்த முறையில் அவளை ஓயாமல் குமட்ட வைத்தது எங்கள் மரியாதைதான். ஒரு டப்பா பேனா வாங்க அனுமதி கேட்டாலும், ஒப்புதல் தரவேண்டியவர் பெயரோடு, 'பார்வைக்கு' என்ற கட்டத்தில் மாடியில் இருக்கிற அத்தனை பெரியவர்கள் பெயரையும் போடுவோம். ஒருவரை விட்டுவிட்டால் அவர் முகம் சுண்டிப்போகும். போட்ட ஒவ்வொருவருக்கும் மெயில் போகும். ஒருவர் ஒப்புதல் தந்தால் ஒரு மெயில், அடியில் ஒரு குறிப்பு எழுதினால் ஒரு மெயில், முடிந்தால் இன்னொன்று. பேனா வந்து சேர்வதற்குள் மெயில்கள் மலையாகிவிடும். அதற்குள் எங்கோ, உண்மையிலேயே ஒருவர் பார்க்கவேண்டிய காகிதம் புதைந்து கிடக்கும்.

போன வசந்தத்தில் மிரான் அதை ஒழித்துக் கட்டினாள். பார்வைக்கு வரும் எதற்கும் மெயில் கிடையாது. வேண்டியவர் தனிப் பெட்டியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒப்புதலுக்கு நிற்பவை மட்டும் அவரவர் பணிப்பட்டியலில் வரும். அதுவும் அவர் முறை வந்த பிறகுதான். அவர் கையெழுத்திட்டாலோ திருப்பி அனுப்பினாலோ அந்த வரி மறைந்துவிடும். காலையில் அன்றைய பட்டியலைச் சுருக்கி ஒரே மெயில், கெடு நெருங்கியது மேலே. பட்டியல் காலி என்றால் மெயிலே வராது.

எல்லோருக்கும் நிம்மதி. நிர்வாகப் பிரிவின் குவாக் டைரக்டருக்கு மட்டும் அவமானம்.

"என் பெட்டி என்ன, செத்தவன் பெட்டி மாதிரி கிடக்குது?" என்று மிரானைக் கூப்பிட்டுக் கேட்டார். "தயாரிப்புப் பிரிவு டைரக்டருக்கு நூறு மெயில் வருதாம். எனக்கு ஒண்ணு. என்னை ஓரங்கட்டுறீங்களா?"

"இல்லீங்க டைரக்டர். அவருக்கு வர்றது வெளிக் கடிதம். உங்களுக்கு வேலைக்கு ஆகாததை மட்டும்தான் நிறுத்தினேன்."

"எது ஆகும், ஆகாதுன்னு நான் சொல்லுவேன். பழையபடி எல்லாம் வரணும்."

அவருக்கு மட்டும் பழைய வெள்ளத்தைத் திறந்துவிட்டாள். மாற்று ஆள் பெயர் கொடுக்கச் சொல்லியும் கேட்டாள். அவர் விடுப்பில் இருந்தால் பட்டியல் அந்த ஆளுக்குப் போகும். "நான் உயிரோடதான் இருக்கேன்" என்று கட்டத்தைக் காலியாகவே விட்டார். வந்த மெயில்களையும் அவர் படிப்பதில்லை. கணினியில் காகிதம் ஏற்றியவன் நேரில் வந்து குனிந்து, "ஏற்றியிருக்கேன், தயவுசெஞ்சு பாருங்க" என்றால்தான் திறப்பார்.

இலையுதிர் காலத்தில் யோ சுந்தொக்கின் காகிதம் வந்தது. சுந்தொக் பரிசோதனை வரிசையில் ஒப்பந்தத் தொழிலாளி. சக்கரப் பல்லில் பிசிறு இருக்கிறதா என்று விரலாலேயே கண்டுபிடிப்பாள். அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் நிரந்தரமாக்கும் காகிதத்தில் கடைசிக் கையெழுத்து விழவேண்டும். விழாவிட்டால் ஒப்பந்தம் தானாக முடியும். அவள் வீட்டுக்குப் போகலாம். கடைசிக் கையெழுத்து குவாக்குடையது.

ஏற்றியவன் ஊழியர் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்த நம்குங். பட்டியலில் போய்விட்டதே, பார்ப்பார் என்று நம்பியிருந்தான். போய்க் குனியவேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. புதன்கிழமை அவனை, இளைஞர்கள் ஆண்டுதோறும் போயாகவேண்டிய படைப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை மதியம், நிலுவை நிலவரத்தைப் பார்த்தபோது மிரான் கண்ணில் அது பட்டது. எங்கே நிற்கிறது என்று அவளால் பார்க்க முடியும். குவாக்குக்குப் பதிலாக ஒப்புதலை அழுத்த முடியாது. சுந்தொக்கை சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்தாள்.

"அக்கா, ஏதாவது தகவல் வந்துச்சா?"

"வரலம்மா. வீட்டுக்காரி வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணுமான்னு கேக்குறா. என்னத்தச் சொல்ல?" சுந்தொக் சூப்பைக் கிளறினாள். "பாத்துட்டு வேணாம்னு வச்சிருப்பாரோ?"

"பாக்கவே இல்லக்கா."

"அது இன்னும் கேவலமால்ல இருக்கு" என்றாள் சுந்தொக்.

மிரான் மாடிக்குப் போனாள். குவாக் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். துண்டுகள் மேசைமேல் தெறித்துக் கிடந்தன.

"டைரக்டர், நிரந்தரக் காகிதம் ஒண்ணு உங்க பட்டியல்ல இருக்கு. நாளையோட கெடு."

"யார் ஏத்துனது?"

"நம்குங்."

"அவன் எங்க?"

"படைப் பயிற்சி. திங்கக்கிழமைதான் வருவான்."

"வந்து சொல்லட்டும், பாக்குறேன்."

"திங்கக்கிழமைக்கு அந்த அம்மாவுக்கு வேலையே இருக்காதுங்க."

"மரியாதை தெரியாத பயலுக்கு இப்படித்தான் கத்துக்கொடுக்கணும்." ஒரு நகத்துண்டு மிரான் சட்டைமேல் வந்து விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. "மெஷின்ல ஏத்திட்டு மூஞ்சியக் காட்டாமப் போயிடுறானுங்க. நீ என்ன அவனுக்குத் தூதா?"

மிரான் கீழே வந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடி கழுவினாள். பிறகு தன் இருக்கையில் உட்கார்ந்து, குவாக்கின் பெயரில் திறந்துவிட்டிருந்த வெள்ளத்தை மூடினாள். எல்லோருக்கும் இருக்கும் அமைப்பை அவருக்கும் வைத்தாள். அந்த மாற்றம் அவள் பெயரில் பதிவாகும் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை குவாக் நேராக எங்கள் அறைக்குள் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன கெட்டுப்போச்சு? ராத்திரியிலேர்ந்து ஒண்ணுமே வரல. காலையில ஒரே ஒரு மெயில்!"

"கெடலைங்க. அதுல உங்க பட்டியல் இருக்கும்."

"இருந்துச்சு. மொத வரியில என்னமோ செவப்பா. வேலை செய்யுதான்னு பாக்க கார்லயே அழுத்திப் பாத்தேன். 'ஒப்புதல் முடிந்தது'ன்னு வந்துச்சு. அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு, மீதி மெயிலெல்லாம் எங்க?"

அறையில் யாரும் தலையைத் தூக்கவில்லை. மிரான் திரையைப் பார்த்தாள். சுந்தொக்கின் காகிதம் முடிந்திருந்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருவன் காரில் அழுத்தியதால்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றாள்.

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல."

"விளக்கக் கடிதம் எழுது. இன்னைக்கே. மெயிலையும் திறந்துவிடு."

அவள் எழுதினாள். என்ன செய்தாள், எப்போது செய்தாள் என்பது மட்டும். காரணம் என்ற இடத்தில், 'கெடு இருந்தது' என்று போட்டாள். அது அவள் சம்பள உயர்வைத் தின்றது பின்னால் தெரிந்தது.

மறுவாரம் சுந்தொக் ஒரு பெட்டி சீமைப் பனிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். நன்றி சொல்லாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று வரிசை மேற்பார்வையாளர் அவளை நச்சரித்திருந்தார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு மிரானையும் இழுத்துக்கொண்டாள்.

சுந்தொக் இடுப்பு மடியக் குனிந்தாள். "டைரக்டர் தயவுல நிரந்தரமாயிட்டேங்க."

குவாக் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பழங்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"நல்லது, நல்லது. நல்லா வேலை செய்யணும்" என்றார். பிறகு மிரான் பக்கம் திரும்பி, அந்த அம்மாள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே கேட்டார்: "இவங்க யாரு?"

சுந்தொக்தான் தன் பெயரைச் சொன்னாள், வரிசை எண்ணோடு, இன்னொரு முறை குனிந்து.